சித்தி போன் "சில நேரம் மட்டும்" செத்துப்போன கதை: மூணு சின்ன சுவிட்சும் பத்து நாள் தேடலும்

சித்தி தனியா இருக்காங்க, என் தங்கச்சி (சித்தி பொண்ணு) வெளிநாட்டுல இருக்கா. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிறது ஒரு ஆண்ட்ராய்டு போன், அதுல ஒரு மெசேஜ் ஆப், அப்புறம் சித்தி வாக்கிங் போறப்ப எங்க இருக்காங்கன்னு தங்கச்சி பார்த்துக்கிற ஒரு லொகேஷன் ஆப், அவ்வளவுதான். அந்த ரெண்டுலயும்தான் பிரச்சினை வந்துச்சு, அதுவும் எப்பவும் வராம அப்பப்போ மட்டும் வந்துச்சு, அதனாலதான் கண்டுபிடிக்க பத்து நாள் ஆச்சு. அதை முழுசா எழுதி வைக்கிறேன், ஏன்னா இதே மாதிரி "நெட் இருக்கு ஆனா மெசேஜ் வரல"ன்னு தவிக்கிற நிறைய பேரை பார்த்துட்டேன், எல்லாரும் சிம்மை கழட்டி மாட்டுறதுலயே நின்னுடறாங்க.

முதல் போன் கால் தங்கச்சிகிட்ட இருந்து வந்துச்சு. "அண்ணா, அம்மா வெளியில போனா என் மெசேஜ பாக்கவே மாட்டேங்கறாங்க, ஒரு டிக்லயே நிக்குது, ஆனா லொகேஷன்ல அவங்க புள்ளி நகர்ந்துக்கிட்டே இருக்கு, நெட் இல்லாம புள்ளி எப்படி நகரும்? அப்ப வேணும்னே நெட்ட ஆஃப் பண்ணி பண்ணி வைக்கிறாங்களா?"ன்னு கேட்டா. குரல்ல கோவத்தை விட வருத்தம்தான் ஜாஸ்தி. சித்திகிட்ட கேட்டா "நான் எதையும் தொடலப்பா, போனை கையில எடுத்து ஆப்பை தொறந்தா மடமடன்னு எல்லாம் வந்து விழுது, அதுவரைக்கும் ஒரு சத்தமும் இல்ல"ன்னு சொன்னாங்க. ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான்னு கடைசியிலதான் தெரிஞ்சது.

அந்த வாரக் கடைசியில நேர்ல போயி போனை வாங்கிப் பார்த்தேன். சார்ஜ் 60 சதவீதம் சொச்சம் இருந்துச்சு, நான் பழக்கதோஷத்துல சார்ஜர்ல மாட்டிட்டு சோபால உக்காந்து, ஸ்கிரீன ஆன்ல வச்சுக்கிட்டு, வீட்டு வைஃபைலயே எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணேன். என் போன்ல இருந்து மெசேஜ் அனுப்பினா ஒரு செகண்டுல ரெண்டு டிக், கால் பண்ணா உடனே ரிங். லொகேஷனும் சரியா காட்டுச்சு. சரி ஆப்புல ஏதோ கோளாறுன்னு முடிவு பண்ணி ஆப்பை அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணேன். பேக்கப் கடைசியா எடுத்தது மூணு வாரத்துக்கு முன்னாடின்னு அப்ப பாக்கல. அந்த மூணு வாரத்துல பேத்தி அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போச்சு, சித்தி ஒண்ணும் சொல்லல ஆனா மூஞ்சி வாடிடுச்சு. எனக்கு இன்னும் அது உறுத்துது. மறுநாளே பிரச்சினை அப்படியே திரும்பி வந்துச்சு, ஆக அழிச்சதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. யாராவது "ஆப்பை அழிச்சு திரும்ப போடு"ன்னு சொன்னா அதை கடைசில வைங்க, அதுவும் பேக்கப் தேதிய பார்த்துட்டு.

இப்ப திரும்பி பார்த்தா, நான் டெஸ்ட் பண்ண விதத்துலயே தப்பு இருந்துச்சு. பேட்டரி சேவர், டேட்டா சேவர் மாதிரி சுவிட்ச் எல்லாம் ஸ்கிரீன் ஆஃப்ல இருக்கும்போது, சார்ஜர் மாட்டாதப்போ, மொபைல் டேட்டால இருக்கும்போதுதான் வேலைய காட்டும். நாம போனை ரிப்பேர் பாக்க உக்காரும்போது சரியா அதுக்கு நேர் எதிரா ஸ்கிரீன் ஆன், சார்ஜர், வைஃபை. பேட்டரி சேவர் சார்ஜர் மாட்டின உடனே தானா அணைஞ்சிடும். டேட்டா சேவர் வீட்டு வைஃபைல இருக்கும்போது ஒண்ணுமே பண்ணாது. ஆப்பு ஸ்கிரீன்ல திறந்திருந்தா அதுக்கு எந்த தடையும் கிடையாது. அதாவது நான் நோயை எல்லாம் போக்கிட்டு நோயாளிய பரிசோதிச்சிருக்கேன்.

டைம் எழுதி வச்சதுல தெரிஞ்சது

அடுத்த தடவை போனை தொடறதுக்கு முன்னாடி தங்கச்சிகிட்ட ஒரு வேலை சொன்னேன். அவ அனுப்பின மெசேஜ அழுத்திப் பிடிச்சா தகவல்னு ஒரு பகுதி வரும், அதுல எப்ப டெலிவரி ஆச்சு எப்ப படிச்சாங்கன்னு தனித்தனி நேரம் இருக்கும், அதை ஒரு வாரத்துக்கு எழுதி அனுப்ப சொன்னேன். கூடவே லொகேஷன் புள்ளி எந்த நேரத்துல நின்னுச்சுன்னும் எழுத சொன்னேன். சித்திகிட்ட காலைலயும் சாயங்காலமும் பேட்டரி எத்தனை சதவீதம்னு மட்டும் எனக்கு சொல்ல சொன்னேன்.

வந்த லிஸ்ட்டுல ஒரு வரியிலயே பாதி விஷயம் இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை காலைல சித்தி நூலகம் போயிருக்காங்க. தங்கச்சி 10.12க்கு ஒரு மெசேஜ், 10.31க்கு ஒண்ணு, 11.05க்கு ஒண்ணு அனுப்பியிருக்கா, மூணுமே டெலிவரி ஆன நேரம் 11.47. ஒரே நிமிஷம். சித்தி ஆப்பை தொறந்த நிமிஷம் அதுதான். சிக்னல் இல்லாத இடத்துல இருந்திருந்தா சிக்னல் வர்ற வர மெசேஜ் ஒண்ணொண்ணா எப்பவாவது வந்திருக்கணும், இது அப்படி இல்ல, யாரோ வாசல்ல நின்னு "ஆப்ப தொறந்தாதான் உள்ள விடுவேன்"னு பிடிச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. வீட்டுல வைஃபைல இருந்தப்போ அனுப்பினது எல்லாம் அனுப்பின செகண்டுலயே டெலிவரி.

ரெண்டாவது விஷயம் லொகேஷன். காலைல 6.30 மணி வாக்கிங்ல புள்ளி ஒழுங்கா நகர்ந்திருக்கு, பேட்டரி அப்போ 98, 97. சாயங்காலம் 5.30 வாக்கிங்ல, அதே தெரு, அதே போன், அதே மொபைல் டேட்டா, புள்ளி வீட்டு வாசல்லயே உறைஞ்சு போய் நின்னிருக்கு, அரைமணி நேரம் கழிச்சு சித்தி போனை எடுத்து மணி பார்த்தப்போ திடீர்னு பார்க்குக்கு தாவியிருக்கு. பேட்டரி அப்போ 61, 58, 64 அந்த மாதிரி. ஒரு வாரத்துல ஒரு சாயங்காலம் கூட ஒழுங்கா ஓடல, ஒரு காலை கூட தப்பல.

இதை பார்த்த உடனே இது ஒரே கோளாறு இல்ல, ரெண்டு கோளாறுன்னு புரிஞ்சது. ஒண்ணு இடத்தைப் பொறுத்தது (வீட்டு வைஃபையா, வெளி மொபைல் டேட்டாவா), இன்னொண்ணு பேட்டரி அளவைப் பொறுத்தது. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுத்தான் நான் முதல்ல குழம்பினேன்.

மெசேஜ் ஏன் வெளியில மட்டும் நின்னுச்சு

இது டேட்டா சேவர். ஆண்ட்ராய்டு 7ல இருந்து இருக்கு. ஆன் பண்ணா மேல ஸ்டேட்டஸ் பார்ல வட்டத்துக்குள்ள பிளஸ் குறி மாதிரி ஒரு குட்டி ஐகான் வரும், சித்தி போன்லயும் அது இருந்துச்சு, ஆனா வைஃபை ஐகானுக்கும் வேற நாலு நோட்டிஃபிகேஷனுக்கும் நடுவுல யார் அதை கவனிக்கிறாங்க. நாலஞ்சு மாசத்துக்கு முன்னாடி டேட்டா பேக் சீக்கிரம் தீருதுன்னு யாரோ ஆன் பண்ணி கொடுத்திருக்காங்க, நல்ல எண்ணத்துலதான்.

இது பண்றது என்னன்னா, அளவு வச்ச நெட்வொர்க்குல, அதாவது மொபைல் டேட்டால இருக்கும்போது, ஸ்கிரீன்ல திறந்து இல்லாத ஆப்புகளுக்கு நெட்டை மூடிடும். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. மெசேஜ் வரும்போது முதல்ல கதவைத் தட்டுற மாதிரி ஒரு சின்ன தட்டு மட்டும்தான் போனுக்கு வரும், அதை வாங்கறது போனோட சிஸ்டம் சர்வீஸ், அதுக்கு தடை இல்ல. அது ஆப்பை தட்டி எழுப்பி "உனக்கு ஏதோ வந்திருக்கு"ன்னு சொல்லும். ஆப் எழுந்து சர்வர்ல போய் உண்மையான மெசேஜ எடுக்கப் பாக்கும், அங்கதான் கதவு மூடியிருக்கு. அதனாலதான் சில ஆப்புல "புது மெசேஜ் இருக்கலாம்"னு ஒரு மொட்டை நோட்டிஃபிகேஷன் வருது, யார் அனுப்பினாங்க என்ன அனுப்பினாங்கன்னு இருக்காது. சித்திகிட்ட கேட்டேன், "ஆமாப்பா அப்படி ஒண்ணு வரும், தள்ளி விட்டுடுவேன், ஏதோ விளம்பரம்னு நினைச்சேன்"னாங்க. அந்த நோட்டிஃபிகேஷன் வந்தா அதை தள்ளி விடாதீங்க, ஆப் வெளிய இருந்து கதவை தட்டுதுன்னு அர்த்தம், டேட்டா சேவரையோ அந்த ஆப்போட பேக்கிரவுண்ட் டேட்டாவையோ போய் பாருங்க.

சரி, அப்ப அதே மொபைல் டேட்டால லொகேஷன் புள்ளி எப்படி காலைல நகர்ந்துச்சு? தங்கச்சியோட கோவத்துக்கு காரணமே இந்த கேள்விதான். அந்த லொகேஷன் ஆப் ஓடும்போது மேல நிரந்தரமா ஒரு நோட்டிஃபிகேஷன் தொங்கவிட்டு வச்சிருக்கும், "லொகேஷன் பகிரப்படுது"ன்னு. அப்படி நோட்டிஃபிகேஷன் போட்டு ஓடற சர்வீஸை ஆண்ட்ராய்டு பயன்பாட்டுல இருக்கிற ஆப்பாவே எடுத்துக்கும், டேட்டா சேவர் அதை தடுக்காது. மெசேஜ் ஆப்புக்கு அப்படி எதுவும் இல்ல. ஆக ஒரே போன், ஒரே சிம், ஒரே நிமிஷம், ஒரு ஆப்புக்கு நெட் இருக்கு இன்னொண்ணுக்கு இல்ல. இதை தங்கச்சிக்கு சொன்னப்போ ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் "நான் அம்மாவ என்னென்னமோ சொல்லிட்டேன்"னு மட்டும் சொன்னா.

சரி பண்ணினது இப்படி: டேட்டா சேவரை முழுசா அணைக்கல, சித்திக்கு பேக் அளவு கம்மி, அது தேவைதான். செட்டிங்ஸ்ல டேட்டா சேவர் பக்கத்துக்குள்ளயே தடையில்லாத டேட்டான்னு ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல மெசேஜ் ஆப்பை மட்டும் ஆன் பண்ணேன். இன்னொரு விஷயம், யாராவது ஹாட்ஸ்பாட் கொடுத்து அதுல கனெக்ட் ஆனா அது வைஃபை மாதிரி தெரிஞ்சாலும் ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டை போன் அளவு வச்ச நெட்வொர்க்காத்தான் எடுத்துக்கும், டேட்டா சேவர் அங்கயும் மூடும். அதனால "வைஃபைல இருந்தும் வரல"ன்னு சொன்னா அது யாரோட வைஃபைன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

புள்ளி ஏன் சாயங்காலம் உறைஞ்சுச்சு

பேட்டரி சேவர். இதுல நம்ம கண்ணுல படாதது அதோட ஷெட்யூல்தான். பேட்டரி சேவரை கையால ஆன் பண்ணாம, "இத்தனை சதவீதத்துக்கு கீழ போனா தானா ஆன் ஆகு"ன்னு வைக்க ஒரு சிலைடர் இருக்கு. சித்தி போன்ல அந்த சிலைடர் கடைசி வரைக்கும் இழுத்து வச்சிருந்துச்சு, 75 சதவீதம். ஜாஸ்தி வச்சா ஜாஸ்தி பேட்டரி மிச்சமாகும்னு நினைச்சு இழுத்திருப்பாங்க, யாரா இருந்தாலும் அப்படித்தான் தோணும். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு காலைல 100ல எடுத்தா மத்தியானம் ஒரு மணி வாக்குல 75க்கு கீழ வரும், அதுல இருந்து ராத்திரி சார்ஜ் போடற வரைக்கும் போன் சேவர்லயே இருக்கும். தினம் பாதி நாள்.

பேட்டரி சேவர்ல இருக்கும்போது பின்னாடி சும்மா ஓடற ஆப்புக்கு நெட் கிடையாது, அதோட இந்த போன்ல ஸ்கிரீன் அணைஞ்சா லொகேஷனையும் நிறுத்திடுது. ஆண்ட்ராய்டு 9ல இருந்து ரெண்டும் இருக்கு. நிரந்தர நோட்டிஃபிகேஷன் போட்டு ஓடினாலும் லொகேஷன் கிடைக்கலன்னா அந்த ஆப் எதை அனுப்பும்? பழைய இடத்தையே பிடிச்சிக்கிட்டு நிக்கும். சித்தி மணி பாக்க ஸ்கிரீன ஆன் பண்ண உடனே லொகேஷன் கிடைச்சு புள்ளி தாவுது.

இதை கண்டுபிடிக்க கஷ்டமா இருக்கறதுக்கு காரணம் பேட்டரி சேவர் எல்லாத்தையும் கொல்றதில்ல. கால், மெசேஜ் மாதிரி அவசரம்னு முத்திரை குத்தி வர்ற தட்டுக்கு சில செகண்டு வழி விட்டுடும். அதனால சாயங்காலம் வீட்டுல வைஃபைல மெசேஜ் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு, கால் ரிங் ஆச்சு, "நல்லாத்தானே இருக்கு"ன்னு தோணும். நிக்கறது எல்லாம் பின்னாடி தொடர்ந்து ஓடவேண்டியது மட்டும்தான்: லொகேஷன், போட்டோ பேக்கப், மெயில் சிங்க். அந்த மூணு வாரத்து வாய்ஸ் மெசேஜ் பேக்கப் ஏன் ஓடலன்னு எனக்கு இப்ப ஒரு சந்தேகம் இருக்கு, பேக்கப் வழக்கமா வைஃபைல சார்ஜ்ல இருக்கும்போதுதான் ஓடும்ங்கறதால இதுதான் காரணம்னு உறுதியா சொல்ல முடியல.

சிலைடரை 75ல இருந்து 15க்கு இறக்கினேன். இங்க ஒரு ஆளு "லொகேஷன் ஆப்பை மட்டும் பேட்டரில தடையில்லாததுன்னு போட்டா போதாதா"ன்னு கேட்டாரு. அது நெட்டுக்கு உதவும், ஆனா ஸ்கிரீன் ஆஃப்ல லொகேஷனை நிறுத்தறது மொத்த போனுக்கும் போடற தடை, ஒரு ஆப்பை விலக்கினா அது விலகாது. அதனால சேவர் எப்ப ஆன் ஆகணும்ங்கறதைத்தான் மாத்தணும்.

கம்ப்யூட்டர்ல இருந்து போனுக்கு கட்டளை அனுப்பற adb வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு சுருக்கு வழி, மெனு மெனுவா தேடாம நாலு வரில தெரிஞ்சிடும்:

```
adb shell settings get global airplane_mode_on
adb shell cmd netpolicy get restrict-background
adb shell settings get global low_power
adb shell settings get global low_power_trigger_level
```

முதல் வரிக்கு 1 வந்தா ஏர்பிளேன் மோட் ஆன். ரெண்டாவதுல enabled வந்தா டேட்டா சேவர் ஆன். மூணாவது பேட்டரி சேவர், ஆனா இதை அப்படியே நம்பாதீங்க, கேபிள் மாட்டினாலே போன் சார்ஜ் ஆகும், சார்ஜ் ஆனா சேவர் அணையும், அதனால இது 0ன்னுதான் சொல்லும். நாலாவதுதான் முக்கியம், அது ஷெட்யூல் அளவு, கேபிள் மாட்டியிருந்தாலும் மாறாது, சித்தி போன்ல அது 75ன்னு பளிச்சுனு சொல்லுச்சு. கேபிளோட இருந்துக்கிட்டே சேவர் நிலைய சோதிக்கணும்னா இப்படி பண்ணலாம்:

```
adb shell dumpsys battery unplug
adb shell settings put global low_power 1
adb shell dumpsys battery reset
```

முதல் வரி சார்ஜர் இல்லன்னு போனை நம்ப வைக்கும், ரெண்டாவது சேவரை ஆன் பண்ணும், ஸ்கிரீன அணைச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு புள்ளிய பாருங்க. முடிஞ்சதும் மூணாவது வரிய மறக்காம போடுங்க, இல்லன்னா போன் உண்மையான சார்ஜ் நிலைய காட்டாது.

adb எல்லாம் வேணாம்னா சாதாரணமாவே பண்ணலாம், சார்ஜரை கழட்டி, வைஃபைய ஆஃப் பண்ணி, ஸ்கிரீன அணைச்சு டேபிள்ல கவுத்து வச்சிட்டு பத்து நிமிஷம் கழிச்சு வேற போன்ல இருந்து மெசேஜ் அனுப்புங்க. போனை தொடாம டிக்கை மட்டும் பாருங்க. நான் முதல் நாளே இதை பண்ணியிருந்தா வாய்ஸ் மெசேஜ் தப்பிச்சிருக்கும்.

பத்தாவது நாள்: எல்லாம் தலைகீழ்

ரெண்டையும் சரி பண்ணி ரெண்டு நாள் நிம்மதியா போச்சு. பத்தாவது நாள் காலை 8 மணிக்கு தங்கச்சி மறுபடி கால். "அண்ணா, மெசேஜ் ரெண்டு டிக் போகுது, ஆனா அம்மாவோட நம்பருக்கு கால் பண்ணா தொடர்பு எல்லைக்கு வெளியன்னு சொல்லுது." இப்ப நிலைமை நேர் எதிர்! முன்னாடி சாதாரண கால் போகும் மெசேஜ் போகாது, இப்ப மெசேஜ் போகுது கால் போகல. சித்திக்கு ஆப்லயே கால் பண்ணேன், உடனே எடுத்தாங்க. "நெட்டெல்லாம் நல்லா வருதேப்பா, ஆனா ஒரு ஓடிபி வரணும், வரவே மாட்டேங்குது"ன்னாங்க.

"சித்தி, மேல சிக்னல் கோடு இருக்கிற இடத்துல என்ன படம் இருக்கு?"

"கோடு இல்லப்பா... சின்னதா ஒரு பிளேன் மாதிரி இருக்கு, பக்கத்துல வைஃபை இருக்கு."

ஏர்பிளேன் மோட். எல்லாருக்கும் தெரிஞ்ச சுவிட்ச்தான், ஆனா பழைய நினைப்புல "அது ஆன்ல இருந்தா நெட்டே வராது"ன்னு நம்பறதாலதான் இதை யாரும் சந்தேகப்படறதில்ல. இப்ப வர்ற போன்கள்ல ஒரு தடவை ஏர்பிளேன் மோட்ல இருக்கும்போது கையால வைஃபைய ஆன் பண்ணீங்கன்னா போன் அதை ஞாபகம் வச்சிக்கும், அடுத்த தடவை ஏர்பிளேன் மோட் போட்டாலும் வைஃபை அணையாது. ஐபோன்லயும் இதே பழக்கம்தான். அப்ப வீட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கு எல்லாமே ஓடற மாதிரி இருக்கும், வீடியோ ஓடும், மெசேஜ் வரும், செல் டவரோட தொடர்பு மட்டும் அறுந்திருக்கும், அதனால நம்பருக்கு வர்ற கால் வராது, எஸ்எம்எஸ் வராது. வைஃபை காலிங்னு ஒரு வசதி ஆன்ல இருந்தா, ஆப்பரேட்டரும் அனுமதிச்சா, அந்த நிலையிலயும் கால் வரும், சித்தி போன்ல அது ஆஃப்ல இருந்துச்சு. வீட்ட விட்டு வெளிய காலை வச்சாத்தான் மொத்தமா இருட்டுன்னு தெரியும்.

எப்படி ஆன் ஆச்சு? ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தப்போ மேல இருந்து இழுத்து டார்ச் போட்டிருக்காங்க. டார்ச் கட்டமும் பிளேன் கட்டமும் பக்கத்து பக்கத்துல. சித்தி கட்டை விரலால அழுத்தறவங்க, இருட்டுல கண்ணாடியும் போடல, முதல் தடவை டார்ச் எரியலன்னு மறுபடி அழுத்தியிருக்காங்க. அந்த முதல் அழுத்து பிளேன் மேல விழுந்திருக்கு. அந்த பேனலை கீழ இழுத்து பென்சில் ஐகானை தொட்டா கட்டங்களை இடம் மாத்தலாம், பிளேனை ரெண்டாவது பக்கத்துக்கு தள்ளிட்டு டார்ச்சை முதல் கட்டமா வச்சு கொடுத்தேன். வயசானவங்க போன்ல இதை நான் இப்ப முதல் வேலையா பண்றேன், போனை கையில வாங்கின உடனே.

தங்கச்சி ஐபோன் வச்சிருக்கா, "என் போன்ல இதெல்லாம் உண்டா"ன்னு கேட்டா. உண்டு, கொஞ்சம் வேற மாதிரி. லோ பவர் மோட் போட்டா பேட்டரி படம் மஞ்சளாகும், மெயில் தானா எடுக்காது, பின்னாடி ஆப் ரிஃப்ரெஷ் நிக்கும், போட்டோ சிங்க் நிக்கும், சார்ஜ் 80 சதவீதம் தாண்டினா தானா அணையும். இன்னொண்ணு கண்ட்ரோல் சென்டர்ல வைஃபை பட்டனை தொட்டா வைஃபை நிஜமா அணையறதில்ல, இருக்கிற கனெக்ஷன விட்டுடும், மறுநாள் காலை 5 மணிக்கு தானா திரும்ப ஒட்டிக்கும். அவளுக்கு அடிக்கடி "ராத்திரி முழுக்க மொபைல் டேட்டா போயிடுச்சு"ன்னு நடந்தது இதுதான்னு அப்பத்தான் அவளுக்கே புரிஞ்சது. முழுசா அணைக்கணும்னா செட்டிங்ஸ்க்குள்ள போகணும்.

சித்தி போன்ல இல்லாத ரெண்டு காரணத்தையும் சொல்லிடறேன், நான் பார்த்து விலக்கினது. ஒண்ணு, ஆப்போட பேட்டரி பக்கத்துல "கட்டுப்படுத்தப்பட்டது"ன்னு யாராவது போட்டிருந்தா அந்த ஆப்புக்கு தட்டே வராது, அவசர முத்திரை எல்லாம் எடுபடாது, வைஃபைலயும் வராது, சார்ஜர்லயும் வராது. ரெண்டு, ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் பண்ணியிருந்தாலும் அப்படித்தான், கையால ஒரு தடவை தொறக்குற வரைக்கும் செத்த மாதிரி கிடக்கும். "கிளீனர்"னு சொல்லிக்கிட்டு சில ஆப்புங்க இதையே பண்ணும். சித்தி போன்ல வீட்டு வைஃபைல எல்லாம் ஒழுங்கா வந்ததால இந்த ரெண்டும் இல்லன்னு ஆரம்பத்துலயே விலக்க முடிஞ்சது. அதனாலதான் முதல்ல எங்க எப்ப வரலன்னு எழுதி வாங்கச் சொல்றேன். வெளிய மட்டும் வரலன்னா டேட்டா சேவர் பக்கம், பேட்டரி இறங்கினப்போ மட்டும்னா பேட்டரி சேவர் பக்கம், எங்கயுமே ஒரு ஆப் மட்டும் வரலன்னா அந்த ஆப்போட சொந்த செட்டிங், நெட் இருக்கு நம்பர் கால் மட்டும் இல்லன்னா மேல பிளேன் இருக்கான்னு பாரு.

இப்ப மூணு வாரம் ஆச்சு. மெசேஜ் எல்லாம் வெளியிலயும் உடனே ரெண்டு டிக். சாயங்காலம் புள்ளி தெரு தெருவா நகருது. ஒரு இடத்துல மட்டும் இன்னும் நிக்கும், பார்க்குல சித்தி பெஞ்சுல உக்காரும்போது. போனை பையில வச்சிட்டு ஸ்கிரீன் அணைஞ்சு, சார்ஜர் இல்லாம, அசையாம ரொம்ப நேரம் இருந்தா ஆண்ட்ராய்டு டோஸ்னு ஒரு தூக்கத்துக்கு போயிடும், ஆண்ட்ராய்டு 6ல இருந்து உண்டு, பேட்டரி சேவர் ஆஃப்ல இருந்தாலும் நடக்கும். நேத்து தங்கச்சி பதறிப்போய் கேட்டா, "அண்ணா புள்ளி இருபது நிமிஷமா பெஞ்சு பக்கத்துலயே நிக்குது." சித்திக்கு கால் பண்ணேன், ரெண்டாவது ரிங்ல எடுத்தாங்க, பெஞ்சுலதான் உக்காந்திருந்தாங்க.